தைப் பணம் ஐப்பசி வரை வர வேண்டும்: நெல் விவசாயக் குடும்பத்துக்கு வீட்டுக் கணக்கு போடும் முறை

குரோம்பேட்டையில் இருக்கும் எனக்கு ஒவ்வொரு மாதமும் கடைசித் தேதியில் சம்பளம் வந்துவிடும். மதுராந்தகம் பக்கம் ஐந்து ஏக்கர் நெல் வைத்திருக்கும் என் அப்பா அம்மாவுக்கு ஆண்டுக்கு இரண்டே முறைதான் பணம் வரும். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு அந்த வீட்டின் கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. முதல் ஆண்டு அதை என் சம்பளக் கணக்கு மாதிரியே போட்டேன். புரட்டாசியில் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. இது அந்த ஆண்டு மட்டும் நடந்ததில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் கிட்டத்தட்ட எல்லா ஆண்டும் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு நகை போயிருக்கிறது, தையில் அறுத்ததும் மீண்டிருக்கிறது.

சென்னையில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் பெற்றோரின் வரவு செலவைப் பார்க்கத் தொடங்கும் என் போன்றவர்களுக்காக, அந்த நகை ஏன் போகிறது என்பதையும் அதை எப்படி நிறுத்தினோம் என்பதையும் எங்கள் வீட்டு எண்களோடு எழுதுகிறேன். செலவுகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் வரிசை மாறாது.

முதலில் நாட்காட்டி

நோட்டில் எழுத வேண்டிய முதல் விஷயம் தேதி, தொகை அதற்குப் பிறகுதான். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் நெல்லுக்கு மூன்று பட்டம் உண்டு. சித்திரை வாக்கில் விதைக்கும் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் தொடங்கித் தையில் அறுக்கும் சம்பா, மார்கழி தையில் நாற்று விட்டு வைகாசியில் அறுக்கும் நவரை. எங்கள் நிலத்தில் கோடைத் தண்ணீர் போதாது என்பதால் சொர்ணவாரி இல்லை. சம்பா ஐந்து ஏக்கர், நவரை நாலு ஏக்கர்.

இங்கே அறுவடைத் தேதியை எழுதக் கூடாது. பணம் வங்கிக் கணக்கில் விழுந்த தேதியைத்தான் எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிறைய நடக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். எந்திரத்தில் அறுத்த நெல் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும், காயப்போட்டே ஆக வேண்டும். களத்தில் இடம் வேண்டும், வெயில் வேண்டும், பிறகு நம் முறை வர வேண்டும், அதன் பிறகே பணம் கணக்குக்கு வரும். ஒரு வைகாசியில் குவித்து வைத்த நெல்மேல் கோடை மழை பெய்து, மறுபடி காயவைத்துப் போட இரண்டு வாரம் கூடுதலாக ஆனது. அறுத்தாகிவிட்டது என்று நம்பி அம்மா மளிகைக் கடையில் தேதி சொல்லியிருந்தார்.

பழைய பாஸ்புத்தகங்களை எடுத்து மூன்று ஆண்டுக்கு நெல் பணம் விழுந்த தேதிகளை வரிசையாக எழுதுங்கள். எங்களுக்குச் சம்பா பணம் பிப்ரவரி நடுவிலும், நவரைப் பணம் ஜூன் நடுவிலும் விழுகிறது. அந்த இரண்டு தேதிகளை அடுத்தடுத்து எழுதிய அன்றுதான் வளையலின் கதை புரிந்தது. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை நாலு மாதம். ஜூனிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை எட்டு மாதம். இரண்டு வரவும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஒன்று நாலு மாதத்தைத் தாங்க வேண்டும், மற்றது எட்டு மாதத்தை.

வரவை எப்படி எழுதுவது

ஊரில் மூட்டை என்ற சொல்லை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வியாபாரியிடம் பேசும்போது மூட்டை என்றால் எங்கள் பக்கம் 75 கிலோ. கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. அப்பா இரண்டையும் மூட்டை என்றே சொல்வார். எல்லாவற்றையும் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு மாற்றி எழுதினால் குழப்பம் தீரும்.

விலை ஓரளவு தெரிந்த ஒன்று. 2025-26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழ்நாட்டில் பொது ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். ஒன்றிய அரசின் ஆதார விலையோடு மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்த விலை இது. தெரியாதது விளைச்சல்தான். அதற்குச் சராசரி போடக் கூடாது என்பது என் பிடிவாதம். எங்கள் சம்பா நல்ல ஆண்டில் ஏக்கருக்கு 28 மூட்டை கொடுத்திருக்கிறது, மோசமான ஆண்டில் 24. நோட்டில் 24தான். சராசரி எழுதினால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கு பொய்த்துப் போகும், பொய்க்கும் ஆண்டில்தான் கடனும் வாங்க வேண்டியிருக்கும்.

அப்படிப் பார்த்தால் சம்பா ஐந்து ஏக்கரில் 120 மூட்டை, 90 குவிண்டால். அதில் வீட்டுச் சாப்பாட்டுக்கு 12 மூட்டை, அதாவது 9 குவிண்டால் எடுத்து வைத்துவிடுவோம். விற்பது 81 குவிண்டால், 2,02,500 ரூபாய். நவரை நாலு ஏக்கரில் ஏக்கருக்கு 26 மூட்டை, மொத்தம் 78 குவிண்டால். எல்லாவற்றையும் விற்போம், 1,95,000 ரூபாய்.

இந்த 12 மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பாதியை அரிசியாக்கி எனக்கும் போரூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். ஊர் அரிசி என்று பெருமையாகத்தான் சாப்பிட்டோம். நோட்டில் எழுதிப் பார்த்தபோது அந்த ஆறு மூட்டை 11,250 ரூபாய் நெல், ஊரில் அவர்களுடைய ஒரு மாதச் செலவைவிட அதிகம். இப்போது இரண்டு பேரும் அதற்குப் பணம் போடுகிறோம். அந்தப் பணத்தைக் கீழே உள்ள கணக்கில் நான் சேர்க்கவில்லை. நாங்கள் மறந்துபோகும் ஆண்டிலும் கணக்கு நிற்க வேண்டும்.

அடுத்த பயிரின் பங்கை முதலில் எடுப்பது

சம்பளக்காரப் புத்தி இடறும் இடம் இது. கையில் 2,02,500 வந்திருக்கிறது என்றால் அது வருமானம் என்று தோன்றும். அதில் பெரும்பகுதி வயலுக்குத் திரும்பிப் போக வேண்டிய பணம்.

எங்களுக்குச் சம்பா செலவு ஏக்கருக்கு 27,000 ரூபாய், நவரைக்கு 26,000. உழவு, விதை, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, அறுவடை எல்லாம் சேர்த்து. இதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு பகுதி அறுத்த பிறகு நெல் விற்ற பணத்திலிருந்து கொடுப்பது: அறுவடை எந்திர வாடகை, காயவைக்கும் கூலி, வண்டி, ஏற்றுக் கூலி. மற்ற பகுதி அறுவடைக்கு முன்னாலேயே கையிலிருந்து போவது. சம்பா ஐந்து ஏக்கருக்கும் சேர்த்து முதல் பகுதி 25,000, இரண்டாவது 1,10,000. நவரை நாலு ஏக்கருக்கும் சேர்த்து 20,000, பிறகு 84,000.

இனி பிப்ரவரியில் வந்த பணத்தை வரிசையாகக் கழிக்கலாம். 2,02,500 ரூபாயில் சம்பா அறுவடைப் பாக்கி 25,000 போனால் 1,77,500. நவரைக்கு 84,000 எடுத்து வைத்தால் மீதி 93,500.

ஜூனில் 1,95,000 ரூபாயில் நவரை அறுவடைப் பாக்கி 20,000 போனால் 1,75,000. சம்பாவுக்கு 1,10,000 எடுத்து வைத்தால் மீதி 65,000.

வீட்டுக்கு உரிய பணம் இந்த இரண்டும்தான். பிப்ரவரியின் 93,500 ரூபாயை நாலு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 23,375. ஜூனின் 65,000 ரூபாயை எட்டு மாதத்துக்குப் பிரித்தால் 8,125. ஒரே வீடு, ஒரே நிலம்! மாசியில் கை தாராளமாக இருக்கும், மொய் தாராளமாக எழுதப்படும், உரக்கடைப் பாக்கி, புது மிக்சி, ஓட்டு வீட்டுக்குப் பழுது பார்ப்பது எல்லாம் அப்போதே நடக்கும். தை மாசி முகூர்த்த மாதங்கள் வேறு. ஜூன் வரும்போது கையில் எதுவும் இருக்காது, ஜூன் பணம் தனியாக எட்டு மாதத்தைத் தாங்காது. முதல் ஆண்டு நான் செய்ததும் இதுவேதான். வந்த பணத்தை அடுத்த வரவு வரை சமமாகப் பிரித்தேன், கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தால் வரிசை கொஞ்சம் மாறும். தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது, தாண்டினால் வட்டி ஏறும். ஆகவே தவணைத் தேதியை நாட்காட்டியில் எழுதி, அதற்கு முன்னால் விழும் நெல் பணத்திலிருந்து அறுவடைப் பாக்கிக்கு அடுத்தபடியாக அந்தத் தொகையைக் கழியுங்கள். அடுத்த பயிருக்கு மறுபடி கடன் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அடுத்த பயிரின் பங்கை அந்த அளவுக்குக் குறைக்கலாம். குத்தகை நிலம் என்றால் குத்தகை நெல்லையோ பணத்தையோ எல்லாவற்றுக்கும் முன்னால் கழித்துவிடுங்கள்.

மாதச் செலவும் ஆண்டுச் செலவும்

மாதம் எவ்வளவு ஆகும் என்று அம்மாவிடம் கேட்டால் சரியான பதில் வராது. எந்த அம்மாவிடமும் வராது. நான் ஒரு மாதம் முழுக்கத் தினமும் ராத்திரி போன் செய்து அன்று என்ன வாங்கினார் என்று எழுதிக்கொண்டேன். அரிசி வீட்டு நெல், கீரையும் காயும் பாதி கொல்லையில், பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அப்பா, அம்மா, ஆயா மூன்று பேருக்கும் மளிகை, மருந்து, கேஸ், போன், பஸ் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் வந்தது. இரண்டு மாட்டின் பால் காசை நான் தொடவே இல்லை. அது வாரா வாரம் அம்மா கைக்கு வரும் காசு. தவிடும் புண்ணாக்கும் வாங்கியது போக மிஞ்சுவது அவருடையது.

ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவுகளைத் தனியாக எழுத வேண்டும், அவை விழும் மாதத்தோடு. எங்களுக்கு மொத்தம் 36,000. மாசியிலிருந்து வைகாசி வரை மொய், வீட்டு வரி, கூரை பழுது என்று 10,000. மீதி 26,000 நீண்ட இடைவெளியில் விழுகிறது: ஆடித் திருவிழா, ஆவணி முகூர்த்தங்கள், தீபாவளி, காப்பீட்டு பிரீமியம், பொங்கல். பொங்கலைக் கவனியுங்கள். அறுவடைத் திருநாள் என்று பேர், ஆனால் நெல் பணம் வர இன்னும் ஒரு மாதம் இருக்கும்.

இப்போது நீண்ட இடைவெளியைத் தனியாகக் கூட்டினால், எட்டு மாதத்துக்கு 72,000, ஆண்டுச் செலவு 26,000, ஆக 98,000 ரூபாய். ஜூன் தருவது 65,000. குறை 33,000. அடகுக் கடைக்குப் போன வளையல் இந்த 33,000 தான்.

பிப்ரவரியின் பக்கம் பார்த்தால், 93,500 ரூபாயில் நாலு மாதத்துக்கு 36,000, ஆண்டுச் செலவு 10,000 போக 47,500 மிஞ்சுகிறது. அதிலிருந்து 33,000 எடுத்து ஐப்பசிக்கு அனுப்பினால் குறை தீர்ந்துவிடுகிறது, மேலும் 14,500 கையில் நிற்கிறது. பி.எம். கிசான் பணம் 2,000 வீதம் மூன்று தவணையாக ஆண்டுக்கு 6,000 வருகிறது. எப்போது வரும் என்று எதிர்பார்த்து நான் செலவு எழுதுவதில்லை, வந்தால் அந்த 14,500 ரூபாயோடு சேரும். மொத்தம் 20,500. நெல் பணம் தாமதமானால் இரண்டு மாதச் செலவுக்கு அது போதும்.

பணத்தை வைக்கும் இடம்

கணக்கு சரியாக இருந்தும் இரண்டாவது ஆண்டும் கொஞ்சம் கசிந்தது. காரணம், எல்லாப் பணமும் ஒரே பாஸ்புத்தகத்தில் இருந்தது. பெரியப்பா மகன் வந்து கைமாத்து கேட்பார், அம்மா என்னிடம் சொல்வார்: "காசு இருக்குன்னு ஊருக்கே தெரியும். கேக்குறவங்ககிட்ட இல்லேன்னு எப்படிடி சொல்றது?" நியாயமான கேள்வி. அதற்கு விடையாக மூன்று இடம் ஆக்கினோம்.

நெல் பணம் விழுவது அப்பா பெயரில் உள்ள கணக்கு. அதைப் பயிர்க் கணக்கு என்கிறோம். அடுத்த பயிரின் பங்கும், மாதா மாதம் வீட்டுக்குப் போக வேண்டிய பணமும் அங்கே கிடக்கும், ஏ.டி.எம். அட்டை அப்பாவிடம். வீட்டுக்கு அம்மா பெயரில் இன்னொரு கணக்கு. மாதா மாதம் 1ஆம் தேதி 9,000 ரூபாய் தானாகவே பயிர்க் கணக்கிலிருந்து அங்கே போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டோம். மாதச் செலவுக்கு உரிய பணமும் அங்கிருந்தேதான் போகிறது என்பதால் பயிரின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று பாஸ்புத்தகத்தின் பின் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது அந்த 33,000. இதை பிப்ரவரியிலேயே 11,000 வீதம் மூன்று வைப்புத்தொகையாகப் போட்டுவிடுகிறோம், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் முதிரும்படி. வட்டி பெரிதாக வராது, அதற்காகப் போடுவதும் இல்லை. நடுவில் எடுக்கச் சங்கடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாகப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்ற இரண்டும் தப்பிக்கும். இதில் நான் செய்த தவறு ஒன்று: முதல் முறை நவரையின் பங்கையும் சேர்த்து ஓராண்டு வைப்பில் போட்டுவிட்டேன். பத்தாம் நாளே நடவுக் கூலிக்கு உடைக்க வேண்டியதாகிவிட்டது. வைப்பில் போடும் பணம் எந்தத் தேதியில் தேவைப்படும் என்று பக்கத்திலேயே எழுதிவிட்டுத்தான் இப்போது வங்கிக்குப் போகிறேன். பெரியப்பா மகன் வந்தால் அம்மா, "பொண்ணு பேங்க்ல கட்டிப் போட்டுட்டா" என்கிறார். பழி என்மேல், எனக்கு வருத்தமில்லை.

வங்கியில் நகைக்கடன் ஏதாவது தவணை தாண்டிக் கிடந்தால், நெல் பணம் விழும் கணக்கு அதே வங்கியில்தானா என்று முதலில் பாருங்கள். கடனுக்குப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு வழி உண்டு. நடவுக் கூலிக்கு ஆள் நிற்கும்போது அது தெரிய வந்தால் தலைவலி.

கணக்கு பிசகுகிறது என்று எப்படித் தெரியும்

மாதா மாதம் நோட்டைப் பார்க்கத் தேவையில்லை. மூன்று நாள் போதும். ஆகஸ்ட் 1 அன்று, சம்பா உழவு தொடங்குமுன், பயிரின் பங்கு 1,10,000 முழுதாக இருக்கிறதா? பத்தாயிரம் குறைந்திருந்தாலும் அந்தப் பத்தாயிரம் உரக்கடையில் கடனாக வந்து நிற்கும், கடன் உரத்துக்கு விலை பேச முடியாது. அடுத்தது அக்டோபர் 1. மூன்று வைப்பும் உடையாமல் இருக்கிறதா? கடைசி மார்கழியில். உரக்கடையிலும் மளிகையிலும் பாக்கி எவ்வளவு என்று கடைக்காரரிடமே கேளுங்கள், வீட்டில் கேட்டால் குறைத்துத்தான் சொல்வார்கள்.

இந்த முறை தாங்காத ஒன்றும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓங்கி ஐப்பசி, கார்த்திகையில் சம்பா மூழ்கிப் போனால், போட்ட 1,10,000 ரூபாயும் போகும், வர வேண்டிய பணமும் வராது, நவரைக்கு எடுத்து வைக்கவும் எதுவும் இருக்காது. 20,500 ரூபாய் அதற்கு எந்த மூலைக்கு? அதனால் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு போட்டுவிடுகிறோம். விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், கடைசித் தேதிக்குள் கட்ட வேண்டும். இழப்பீடு வந்தாலும் எப்போது வரும் என்று நம்பித் தேதி போட முடியாது, ஆகவே நோட்டில் வரவாக எழுதுவதில்லை. விளைச்சல் 24 மூட்டைக்கு மேல் போகும் ஆண்டில் கூடுதலாக வரும் பணம் முழுவதும் அந்த 20,500 ரூபாயோடு சேர வேண்டும், நவரையின் 84,000 அளவுக்கு அது வளரும் வரை. எங்களுக்கு இன்னும் பாதிகூட வளரவில்லை. போன ஆண்டு ஆயாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை.

நடு வழியில் தொடங்குகிறவர்களுக்கு

எல்லோரும் பிப்ரவரியில் தொடங்கப் போவதில்லை. பெரும்பாலும் பிள்ளைகள் கையில் நோட்டு வருவதே ஏதாவது அவசரத்தில்தான். செப்டம்பரில் உங்கள் கைக்கு வந்தால், அன்று கையில் இருப்பதிலிருந்து சம்பாவுக்கு இன்னும் ஆக வேண்டிய களை, உரச் செலவை முதலில் கழியுங்கள். மீதியைப் பிப்ரவரி நடுவரை உள்ள மாதங்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு குறைகிறது என்று அன்றே தெரிந்துவிடும். அந்தத் தொகைக்கு ஒரே ஒரு நகைக்கடனை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள். ஐப்பசியில் ஐயாயிரம், கார்த்திகையில் நாலாயிரம் என்று தெரிந்தவர்களிடம் கைமாத்தாகச் சேர்ந்தால் எதற்கு எவ்வளவு வட்டி என்றே தெரியாமல் போகும். கடனை மீட்கும் தொகையை வட்டியோடு பிப்ரவரிப் பக்கத்தில் அறுவடைப் பாக்கிக்குக் கீழே இப்போதே எழுதிவிடுங்கள். முதல் பிப்ரவரியில் கடனும் கட்டி 33,000 ரூபாயும் முழுதாக ஒதுக்க முடியாது. எங்களால் 15,000 தான் முடிந்தது. அந்த ஐப்பசியில் அடகுக்குப் போனது ஒரு வளையல், அதற்கு முந்தைய ஆண்டு நாலு.